‘சேர்’ இல்லாத குழுவில் ஒரு கதை வந்தால்

மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவரின் போனைத் திறந்தால், பெரும்பாலும் இரண்டு வட்ஸ்அப் குழுக்கள் இருக்கும். ஒன்றில் ‘சேர்’ இருப்பார். மற்றதில் ‘சேர்’ இருக்கமாட்டார். முதலாவது குழுவைப் பல அலுவலகங்கள் 2020 மார்ச்சில் ஊரடங்கு போடப்பட்ட நாட்களில் தொடங்கின. சுற்றறிக்கை, கூட்ட நேரம், வாகன ஒழுங்கு என்பன அதில் வரும். இரண்டாவது குழு சில மாதங்களுக்குப் பிறகு தானாகவே முளைத்தது. மதியச் சாப்பாட்டுப் பார்சல் எத்தனை, பிறந்தநாள் கேக்குக்கு யார் எவ்வளவு தரவேண்டும் என்று தொடங்கிய அந்தக் குழுவில், நாள் போகப்போக ஆட்களைப் பற்றிய கதையும் வரத் தொடங்கியது.

கூட வேலை செய்பவர் ஒருவரின் குடும்ப விடயம் அந்த இரண்டாவது குழுவுக்குள் வரும்போது, அதில் சேராமல் இருப்பது எப்படி? சேராமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் தேநீர் நேரத்தில் எல்லோருடைய முகத்தையும் முன்புபோலவே பார்ப்பது எப்படி? கடந்த சில வருடங்களில் நான் கண்டதையும் வாசித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

ஆட்களைப் பற்றிய கதை எல்லாம் கெட்டது என்று சொல்லமாட்டேன். யாருடைய தாய் போதனா வைத்தியசாலையில் இருக்கிறார், யார் வீட்டில் மரணம், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்பவை குழுவில் வரத்தான் வேண்டும். அப்படி வந்தபடியால்தான் அலுவலகமாகச் சேர்ந்து ஒரு செத்தவீட்டுக்குப் போக முடிகிறது. செய்தி எது, வம்பு எது என்று பிரிக்க நான் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். கதைக்கப்படுபவரை இந்த நிமிடமே குழுவில் சேர்த்தால், இந்தச் செய்தியை அப்படியே விட்டுவைப்பார்களா, அல்லது அழிக்க ஓடுவார்களா? அழிக்க ஓடுவார்கள் என்றால், நான் கீழே சொல்லப்போவது அதற்குத்தான்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, ‘பேசாமல் இருங்கள்’ என்பது. நூறு பேர் உள்ள குழுவில் அது சரிவரலாம். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள குழுவில், அதுவும் எங்கள் ஊரில், அது சரிவருவதில்லை. காரணம் இரண்டு.

முதலாவது, போன் காட்டிக்கொடுத்துவிடும். வட்ஸ்அப்பில் நீல அடையாளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன், நான் பார்த்தது யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நிறுத்தம் தனிப்பட்ட உரையாடலுக்கு மட்டும்தான் செல்லும், குழுக்களுக்குச் செல்லாது. செய்தியைப் போட்டவர் அதை அழுத்திப் பிடித்து Info என்பதைத் திறந்தால், யார் யார் வாசித்தார்கள், எத்தனை மணிக்கு வாசித்தார்கள் என்று பெயர் பெயராகக் காட்டும். குரல்பதிவைக் கேட்டால் அதுவும் தெரியும். ஆகவே நீங்கள் வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பதைக் கதையைத் தொடங்கியவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது காரணத்துக்கு வயது அதிகம். பேசாமல் நின்று கேட்பவனைப் பயப்பட இந்த மண்ணில் எல்லோரும் பழகியிருக்கிறோம். சுற்றிவளைப்பில் ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, முகத்தை மூடிய ‘தலையாட்டி’ முன்னால் நடக்கவைத்த காலத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறக்கவில்லை. அவன் வாய் திறக்கமாட்டான், தலை மட்டும் அசையும். 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. 2004இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது, ‘அவர் எந்தப் பக்கம்’ என்ற ஒரு வரிக் கதையே ஒருவரின் உயிருக்கு ஆபத்தானது. யாரோ எங்கோ எதையோ சொன்னார்கள், அதனால் ஆள் போனார் என்ற கதை படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது.

அந்தப் பழக்கம் போனுக்குள்ளும் வந்துவிட்டது. பதினொரு பேர் கதைக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருந்தால், ‘நல்ல மனுசி, வம்பு பேசமாட்டா’ என்று யாரும் நினைப்பதில்லை. ‘இவ ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஆருக்கோ அனுப்புறா’ என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். பிறகு எப்போதாவது கதை வெளியே போனால், பழி விழுவதும் பேசாதிருந்தவர்மீதுதான். இதனால்தான் எங்கள் அலுவலகங்களில் விலகுவது வெளிப்படையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வரியில், எல்லோரும் பார்க்க, சண்டை இல்லாமல் விலகவேண்டும்.

அந்த ஒரு வரியை எப்போது எழுதுவது? இதற்கு உதவும் ஆய்வு ஒன்று இருக்கிறது. டொன்னா ஈடர், ஜனெட் என்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பாடசாலைப் பிள்ளைகள் கூடிப் பேசும் பேச்சுகளைப் பதிவுசெய்து, அதில் வம்பு எப்படி வளர்கிறது என்று வரிவரியாகப் பார்த்தார்கள். 1991இல் அது வெளியானது. முதலில் ஒருவர் ஒரு ஆளைப் பற்றிக் குறைவாக ஒன்று சொல்கிறார். அது வளருமா நிற்குமா என்பதைப் பெரும்பாலும் அந்த முதல் வசனத்தைவிட, அதற்கு அடுத்து வரும் பதில்தான் தீர்மானிக்கிறது. அடுத்தவர் ஆமோதித்துவிட்டால், பிறகு வருபவர்கள் வேறு கருத்து இருந்தாலும் சொல்வதில்லை. அதே இடத்தில் ஒருவர் சிறிய மறுப்பைக் காட்டினால், தொடங்கியவரே தன் கதையை மாற்றிக்கொள்வதும் நடக்கிறது.

அவை அமெரிக்கப் பிள்ளைகளின் நேருக்கு நேரான பேச்சுகள். ஆனாலும் குழுவில் நான் கண்டதும் இதேதான். ஒரு சிரிப்பு இமோஜிகூட ஆமோதிப்பாகிவிடும். அது விழுந்த பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று வரும். பத்தாவது ஆளாக வந்து நீங்கள் மறுத்தால், ஒன்பது பேரையும் குறை சொன்னதாக ஆகும். இரண்டாவது ஆளாகச் சொன்னால், அங்கே குறை சொல்லப்படுவதற்கு இன்னும் ஆளே இல்லை. ஆகவே போன் கையில் இருக்கும்போது கதை தொடங்கினால், இரண்டாவது செய்தி உங்களுடையதாக இருப்பது நல்லது. எல்லா நாளும் அது கிடைக்காது. கிடைக்காதபோது என்ன செய்வது என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். யாரென்று தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் இருந்த குழு ஒன்றில் பதினொரு பேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பு, இளம் ஊழியர் ஒருவர் ஒரு படத்தைப் போட்டார். கல்லடிப் பாலத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் உட்கார்ந்திருப்பது எங்களோடு வேலை செய்யும் ஒரு பெண். அவர் புதிதாக வந்தவர், இந்தக் குழுவில் இன்னும் சேர்க்கப்படவில்லை. படத்துக்குக் கீழே, ‘இது எங்கட ஆள்தானே? ஆரு கா அந்தாள்?’ என்று எழுதியிருந்தது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு சிரிப்பு இமோஜிகள் விழுந்தன. அடுத்து, ‘அதுதான் இப்ப நேரத்தோட வெளிக்கிடுறாபோல’ என்று ஒன்று. பிறகு ஒருவர், குழுவில் மூத்த அக்காவின் பெயரை @ போட்டுக் கூப்பிட்டார்: ‘நீங்க பக்கத்து ஊர்தானே அக்கா, உங்களுக்குத் தெரியாமலா?’

பெயர் சொல்லிக் கூப்பிட்டபிறகு பேசாமல் இருப்பது முடியாத காரியம். ‘தெரியாது’ என்று மட்டும் சொன்னாலும், அறிந்துகொண்டே மறைக்கிறார் என்றாகிக் கதைக்கு இன்னும் ருசி கூடும். அக்கா எழுதியது இது: ‘நான் கூட வேலை செய்யிற பிள்ளைகள்ட வீட்டு விசயம் கதைக்கிறல்ல கா. திங்கக்கிழமை அவட முகத்தப் பார்த்துத்தானே வேலை செய்யணும். அதுசரி, திங்கள் வாகரைக்குப் போற வாகனம் எத்தின மணிக்கு? ஆருக்காவது தெரியுமா?’

சாரதி உடனே, ‘ஆறேகால் அக்கா, மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வாங்க’ என்று போட்டார். இன்னொருவர், செங்கலடியில் ஏறலாமா என்று கேட்டார். படத்தைப் பற்றி மேலே ஒரு செய்தியும் வரவில்லை. யாரும் கோபிக்கவும் இல்லை.

அந்தப் பதிலில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. அவை இருக்கும் ஒழுங்கும் முக்கியம். முதல் துண்டு தன்னைப் பற்றியது. ‘நான் கதைக்கிறல்ல’ என்றார், ‘நீங்க கதைக்காதீங்க’ என்று சொல்லவில்லை. ஒருவர் தன் பழக்கத்தைச் சொன்னால், அதோடு வாதாட முடியாது. சைவம் சாப்பிடுகிறேன் என்பவரோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை, இறைச்சி சாப்பிடுவது பாவம் என்பவரோடுதான் பிடிக்கிறோம். இரண்டாவது துண்டு ஒரு சாதாரணக் காரணம். தர்மம், பண்பாடு, பெண்ணுரிமை என்று எதுவும் இல்லை. திங்கட்கிழமை முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதை அந்தக் குழுவில் உள்ள பதினொரு பேரும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதே திங்கட்கிழமைதான். மூன்றாவது துண்டு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கிறார். அவருக்கு அதைச் சொல்வதில் பெருமையும் உண்டு.

மூன்றாவது துண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் முதல் இரண்டும் தீர்ப்புப்போல் தொங்கிக்கொண்டு நிற்கும். அடுத்து யார் எழுதுவதென்று எல்லோரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் சங்கடம். கேள்வி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆனால் அது உண்மையான கேள்வியாக இருக்கவேண்டும். ‘எல்லாரும் சாப்பிட்டீங்களா’ என்று பின்னேரம் ஐந்து மணிக்குக் கேட்டால், கதையை மாற்றுகிறார் என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நாளைய வேலை, சம்பளத் திகதி, பயிற்சிக்குப் போகும் பஸ், யாரோ கொண்டுவருவதாகச் சொன்ன தயிர்ச்சட்டி என்று யாருக்கோ உண்மையில் தேவைப்படும் ஒன்று வேண்டும்.

செய்யக்கூடாதவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பழமொழி அல்லது திருக்குறள் படம் போடுவது. புறங்கூறாமை பற்றிய குறளை அந்த நேரத்தில் யாராவது போட்டால், அது பெயர் குறிப்பிடாமல் எல்லோருக்கும் அடிப்பதுபோல் ஆகும். சங்கடம் உண்டாகும், கதை வேறு குழுவில் தொடரும். மற்றது, கதைக்கப்படுபவருக்காக வழக்காடுவது. ‘அது அவட அண்ணன்’, ‘அவ அப்படிப்பட்டவ இல்ல’ என்று தொடங்கினால், விசாரணை நடத்துவதற்குச் சம்மதித்ததாகிவிடும். ‘அண்ணன் வெளிநாட்டிலதானே’ என்று அடுத்த கேள்வி வரும். அந்த மோட்டார் சைக்கிள்காரர் யார் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. அதை இங்கும் எழுதப்போவதில்லை.

அக்கா அதோடு நிறுத்தவில்லை. குழுவில் கதை வாகரைப் பயணத்துக்குத் திரும்பியபிறகு, படம் போட்ட தம்பிக்குத் தனியாக எழுதினார்: ‘மனே, அந்தப் பிள்ளைட படத்த எடுத்திடு. நீ கெட்டதா நினைச்சுப் போடல்ல எண்டு எனக்குத் தெரியும். வேற ஆக்கள்ட கைக்குப் போனா மறுகா எடுக்க ஏலாது.’ அவர் எடுத்துவிட்டார். வட்ஸ்அப்பில் Delete for everyone என்பது போட்டதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை நாட்கள்வரை வேலை செய்யும். வெள்ளிக்கிழமை போட்டதைத் திங்கட்கிழமை காலை எடுக்கப் பார்த்தால் அனேகமாகக் காலம் கடந்திருக்கும். அதற்குள் எடுத்தாலும், படங்கள் தானாகப் பதியும்படி வைத்திருக்கும் போன்களில் ஏற்கனவே இறங்கிய பிரதி அப்படியே இருக்கலாம். இதனால்தான் அன்றே சொல்லவேண்டியிருந்தது.

தனியாகச் சொன்னதில் இன்னொரு பயனும் இருந்தது. குழுவில் வைத்து ‘எடு’ என்றிருந்தால், பத்துப் பேர் முன்னால் அவர் தலைகுனிந்திருப்பார். அல்லது வீம்புக்கு இன்னொன்று போட்டிருப்பார். மறுப்பைக் குழுவிலும், திருத்தத்தைத் தனியாகவும் செய்யவேண்டும் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படம் ஏன் அவ்வளவு பாரமானது என்று கேட்கக்கூடும். அந்தப் பெண்ணின் கணவர் 2008இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் அவர் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பல மனைவிமார் அதை எடுக்க மறுத்துவந்தார்கள். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின் பிறகு, இறந்துவிட்டார் என்று சொல்லாமல் அவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற முடிகிறது. அரச உதவிக்கும் சொத்து அலுவல்களுக்கும் அதைப் பயன்படுத்தலாம். இதற்கெல்லாம் கணவரின் வீட்டார், கிராம உத்தியோகத்தர், அயலவர் என்று பலருடைய ஒத்துழைப்பு தேவைப்படும். ‘அவளுக்கு இப்ப வேற ஆள் இரிக்காம்’ என்ற ஒரு வரி அந்தக் காதுகளில் விழுந்தால், பேப்பர் மேசையிலிருந்து நகராது. அந்தத் தாமதத்துக்கு யாரும் காரணம் எழுதித் தரமாட்டார்கள்.

எங்கள் பகுதியின் குடும்ப அமைப்பும் இதில் சேர்கிறது. மட்டக்களப்பில் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்கு வருகிறார். அதனால் தாயும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பார்கள். ஒருத்தியைப் பற்றி எழும்பும் கதை அவளோடு நிற்காது. அடுத்த வளவில் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் தங்கச்சியின் வீட்டுக்குள்ளும் போகும். கதைப்பவர்களுக்கு இது தெரியாது என்றில்லை. போனில் விரலை வைக்கும் நொடியில் அந்த வளவு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எல்லா நிலைமையும் இப்படிச் சுலபமாக முடியாது. கதையைத் தொடங்குபவர் மேலதிகாரியாக இருந்தால் அக்காவின் வார்த்தை கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். அப்போது முதலிரண்டு துண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘சேர், அந்த அறிக்கை இண்டைக்கு வேணுமா, திங்கள் தந்தாப் போதுமா?’ என்ற கேள்வி எந்தச் சேருக்கும் மரியாதைக் குறைவாகப் படாது. சிரிப்பு இமோஜி மட்டும் போடவேண்டாம். வேலை பாதுகாப்புக்காகப் போட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள், ஸ்கிரீன்ஷொட்டில் அது ஒப்பமாகத்தான் நிற்கும்.

குரல்பதிவாக வரும் கதைக்கு எழுத்தில்தான் பதில் சொல்லவேண்டும். குரலில் சொன்னால் தொனி வேறாக விளங்கும். இரண்டு நிமிடக் குரல்பதிவு என்றால், கேட்காமலே விட்டு ‘பஸ்ஸில நிக்கிறன், கேக்க ஏலாம இரிக்கு, வேலை விசயமெண்டா எழுதிப் போடுங்க’ என்று எழுதலாம், உண்மையிலேயே பஸ்ஸில் நின்றால். பொய் சொல்லி விலகுவதை நான் சொல்லமாட்டேன். சின்ன ஊர் இது. பஸ்ஸில் நின்றவர் சந்தையில் மீன் வாங்கியதை யாராவது கண்டிருப்பார்கள்.

கதை முழுவதும் முடிந்தபிறகு, இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் போனைத் திறந்து ஐம்பது செய்திகளைக் கண்டால் ஒன்றும் எழுதவேண்டாம். ஆறிப்போன கதைக்கு மறுப்பு எழுதினால் அது மீண்டும் சூடாகும். அந்த நிலையில் மட்டும் பேசாமல் இருப்பது சரி. உங்கள் பெயருக்கு எதிரே காட்டும் நேரமும் ஒன்பது மணி என்பதால், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். கதையைத் தொடங்கியவரோடு உங்களுக்கு நெருக்கம் இருந்தால், திங்கட்கிழமை நேரில் ஒரு வார்த்தை சொல்லலாம்.

குழுவிலிருந்து வெளியேறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளியேறினால் இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் அறிவித்தல் போகும். ஆனால் கடந்த அறுபது நாட்களில் விலகியவர்களின் பட்டியலைக் குழுவில் உள்ள எவரும் திறந்து பார்க்கலாம். பதினொரு பேர் பத்தானால் அதைப் பார்க்காமலும் தெரியும். அதைவிட அறிவித்தல் ஒலியை நிறுத்துவது நல்லது. Mute என்பதில் எட்டு மணித்தியாலம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் இருக்கின்றன. நீங்கள் நிறுத்தி வைத்திருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளில் இரண்டு தடவை, உங்களுக்கு வசதியான நேரத்தில் திறந்து, வேலை விடயத்துக்குப் பதில் எழுதிவிட்டு மூடலாம். கொஞ்ச நாளில், ‘அவ எப்பவும் பிந்தித்தான் பார்ப்பா’ என்று பெயர் வரும். அந்தப் பெயர் நல்லது.

இப்படிச் செய்பவருக்குச் சில மாதங்களில் ஒரு விளைவு தெரியும். குழு திடீரென அமைதியாகிவிடும், சாப்பாட்டுப் பார்சல் கணக்கு மட்டும் வரும். நீங்கள் இல்லாத மூன்றாவது குழு ஒன்று தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். சிலர் இதைத் தோல்வியாக எடுத்து மனம் உடைகிறார்கள். நேரில் உள்ள உறவு கெட்டதா என்று பாருங்கள். தேநீர் நேரத்தில் உங்களுக்கும் கோப்பை வைக்கிறார்களா, வாகனத்தில் இடம் பிடிக்கிறார்களா, வீட்டுக் கலியாணத்துக்குச் சொல்கிறார்களா? இவை நடந்தால் ஒன்றும் கெடவில்லை. நடக்காவிட்டால், குழுவில் எழுதிய வரியைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது. அதை நேரில் கேட்கத்தான் வேண்டும்.

கதையை மாற்றிவிடுவது போதாத இடமும் உண்டு. ஒருவரை ‘முன்னாள் ஆள்’, ‘புனர்வாழ்வுக்குப் போனவன்’, ‘அந்தப் பக்கத்துக்குத் தகவல் குடுக்கிறவன்’ என்று குழுவில் எழுதுவதை நான் வம்பு என்ற கணக்கில் சேர்க்கமாட்டேன். முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் இளைஞர்கள் கைதான மாவட்டம் இது. அப்படி ஒரு வரி எழுத்தில் நிற்பது, எழுதப்பட்டவருக்கும் எழுதியவருக்கும் ஒரே அளவு ஆபத்து. அங்கே கேள்வி கேட்டுத் திசைதிருப்பிக்கொண்டிருக்காமல், அட்மினைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்தச் செய்தியை உடனே அழிக்கச் சொல்லவேண்டும். மற்றவர்கள் போட்டதையும் எல்லோருக்குமாக அழிக்க அட்மினால் முடியும்.

ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் வந்தாலும் அப்படியே. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கோடு அவரின் தனிப்பட்ட விபரங்களை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பேச்சுச் சுதந்திரத்தை நசுக்கும் என்று அந்தச் சட்டத்தின்மீது கடும் விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று அட்மினுக்குச் சொல்வது வேலை செய்யும். பாதிக்கப்பட்ட பெண் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். எங்கே முறையிடுவது, முறையிடுவதா என்பதை அவர்தான் தீர்மானிக்கவேண்டும். அவருக்காக மற்றவர்கள் ஓடிப்போய் முறைப்பாடு செய்வது, கதையை இன்னும் பத்துப் பேருக்குக் கொண்டுபோவதில் முடிவதை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று. கதைக்கப்பட்டவரே ஒருநாள் உங்களிடம் வந்து, ‘குரூப்பில என்னப் பற்றிக் கதைச்சவங்களா?’ என்று கேட்டால் என்ன சொல்வது? இல்லை என்றால் பொய். யார் என்ன எழுதினார்கள் என்று சொன்னால், குழுவில் செய்யாத வேலையை இங்கே செய்ததாகும். அந்தப் பெண் அக்காவிடம் இதையே கேட்டார். தட்டச்சு மேசையடியில் நானும் நின்றேன். அக்கா போனை எடுத்துக் காட்டவும் இல்லை, யார் பெயரையும் சொல்லவும் இல்லை. ‘கதை ஒண்டு வந்திச்சு. நான் அதில சேரல்ல, அது அப்பவே நிண்டிட்டு. ஆரு எண்டு என்னட்டக் கேக்காத புள்ள, நான் சொல்லமாட்டன். உனக்கு அந்தப் பேப்பர் அலுவலுக்கு ஆரும் வரணுமெண்டாச் சொல்லு, நான் வாறன்’ என்றார்.

அடுத்த புதன்கிழமை இருவரும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார்கள்.